தம்பி கதிருக்கு, அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் பற்றி

கதிர்,

காலையில் நீ அனுப்பிய இரண்டு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். முதலாவதில் "செகண்ட் ஸ்டேஜ்னு போட்டிருக்கே அக்கா" என்று அழுகிறாய். அடுத்ததில் "ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்கிறாய். இரண்டுக்குமே என்னால் ஆமாம் போட முடியாது. அந்த ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் என்ற வார்த்தையே கிடையாது. ஒன்றுமில்லை என்று சொல்லும்படியும் அதில் எழுதவில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே உடைந்துவிடுவாய், நானும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்கா சாந்தியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "நீயே அவன்கிட்ட சொல்லிடு, ஒவ்வொருத்தர்கிட்டயா ஒப்பிக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

பெரிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்காவின் இடது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி. இதில் சந்தேகம் இல்லை. சில ரிப்போர்ட்டில் "இதுவாக இருக்கலாம்", "இதை ஒத்திருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள், அப்போது இன்னொரு டெஸ்ட் பார்க்க இடம் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை, நேரடியாக எழுதியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை சாந்தி அந்த லேபிலிருந்து ஸ்லைடுகளை வாங்கி என்னிடம் கொண்டு வந்தாள். நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், முதல் சில நிமிடங்கள் அது புற்றுநோயாக இருக்காது என்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் ஸ்லைடு என்றால் கண் அப்படித்தான் போகும். என் கண்ணை நம்பாமல், பேரை மறைத்து பக்கத்து அறை டாக்டரிடம் கொடுத்தேன். அவரும் அதையேதான் சொன்னார்.

சரி, இனி ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு படி.

மேலே "நான்கு துண்டுகள், நீளமானது 1.4 செ.மீ." என்று இருக்கிறது பார். கட்டி அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதே. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு எடுத்த நூல் போன்ற சதை அது. உடைத்த சேமியா மாதிரி இருக்கும். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறோம். செல்லின் கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் ரோஜா நிறமாகவும் தெரியும். ஆக, ஒரு பெரிய பானையிலிருந்து எடுத்த நான்கு பருக்கையைப் பற்றித்தான் இந்தத் தாள் பேசுகிறது. என்ன அரிசி என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். பானையில் எவ்வளவு இருக்கிறது, வெளியே சிந்தியிருக்கிறதா என்று சொல்ல முடியாது.

அடுத்தது, "இன்வேசிவ் கார்சினோமா, நோ ஸ்பெஷல் டைப்". இன்வேசிவ் என்றதும் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று உன் சித்தப்பா சொன்னாராம். அது அந்த அர்த்தம் இல்லை. பால் குழாயின் உட்சுவரில் தொடங்கிய செல்கள் அந்தச் சுவரைத் தாண்டிச் சுற்றியுள்ள சதைக்குள் வந்திருக்கின்றன என்பது அதன் பொருள். சுவருக்குள்ளேயே நின்றிருந்தால் வேறு பெயர் போட்டிருப்பார்கள், அது இதைவிட நல்ல செய்தியாக இருந்திருக்கும். தாண்டிவிட்டது என்பதால் வேறு இடத்துக்குப் போகும் வாய்ப்பு உண்டு. போயிருக்கிறதா என்பதற்கு இந்தத் தாளில் பதில் இல்லை. நோ ஸ்பெஷல் டைப் என்பது மார்பகப் புற்றுநோயிலேயே அதிகம் பார்க்கும் வகை. அபூர்வமான வகை எதுவும் இல்லை.

இப்போது உன்னை அழவைத்த அந்த 2. அது கிரேடு, ஸ்டேஜ் இல்லை. படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள், உன்னைத் தப்புச் சொல்ல மாட்டேன். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். இந்தச் செல்கள் பார்க்க எப்படி இருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பது கிரேடு. மூன்று விஷயங்களுக்குத் தனித்தனியே 1 முதல் 3 வரை மார்க் போட்டுக் கூட்டுகிறோம், இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் நல்லது. அக்காவுக்குக் குழாய் வடிவம் 3, கருவின் தோற்றம் 2, செல் பிரிதல் 1, மொத்தம் 6. கூட்டுத்தொகை 5 வரை வந்தால் கிரேடு 1, 6ம் 7ம் கிரேடு 2, 8ம் 9ம் கிரேடு 3. நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழுக் கட்டியையும் பார்க்கும்போது இந்த எண் மாறவும் செய்யலாம். மாறினால் முதலில் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதே.

"ரத்த, நிணநீர்க் குழாய்களில் புகுந்தது காணப்படவில்லை" என்ற வரிக்கு நீ பச்சை மையில் கோடு போட்டு அனுப்பியிருந்தாய். அந்த நான்கு துண்டுகளில் காணப்படவில்லை. நல்லதுதான், ஆனால் அந்தக் கோட்டை அவ்வளவு அழுத்திப் போடாதே.

கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் சிகிச்சைக்கு முக்கியம். பெண் ஹார்மோனைப் பிடிக்கும் புரதங்கள் எத்தனை செல்களில் இருக்கின்றன என்பதுதான் ஈ.ஆர்., பி.ஆர். ஈ.ஆர். 90 சதவீதம், பி.ஆர். 60 சதவீதம், இரண்டும் பாசிட்டிவ். பாசிட்டிவ் என்று பார்த்தாலே பயப்படுகிறோம், கொரோனா செய்த வேலை. இங்கே அது நமக்குச் சாதகமான சொல். இந்தச் செல்கள் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கின்றன, அதனால் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்கு ஒரு வழி கூடுதலாகத் திறந்திருக்கிறது. அந்த மாத்திரையைப் பொதுவாக ஐந்து வருடமாவது சாப்பிடவேண்டியிருக்கும். அதனாலேயே கீமோ வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம் என்று ஆகிவிடாது, அது தனிக் கணக்கு.

ஹெர்2 என்ற இடத்தில் 2+ இருக்கிறது. செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம் அது. இதைப் பாசிட்டிவ் என்றும் எடுக்காதே, நெகட்டிவ் என்றும் எடுக்காதே. 0, 1+ வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். 2+ என்றால் சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, ஜீன் அளவில் பார்க்க வேண்டும். அதற்கு ஃபிஷ் என்று ஒரு டெஸ்ட். (சாந்தி இதைக் கேட்டுவிட்டு "அயிரையா விராலா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அப்புறம் பாத்ரூம் போய் அழுதேன்.) அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. பாசிட்டிவ் என்று வந்தால் கொஞ்சம் வேகமான குணம் உள்ள கட்டி என்று பொருள், அதே சமயம் அதற்கென்றே மருந்தும் இருக்கிறது. எப்படி வரும் என்று கேட்காதே, ஊகிக்க மாட்டேன்.

கேஐ-67 பதினெட்டு சதவீதம் என்பதில் நீ மாட்டிக்கொள்ள வேண்டாம். எத்தனை செல்கள் பிரியும் நிலையில் இருக்கின்றன என்ற எண்ணிக்கை அது. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வரும், எங்களுக்குள்ளேயே இதில் வாக்குவாதம் உண்டு.

இனி இந்தத் தாளில் இல்லாதது. ஸ்கேனில் கட்டி 2.3 செ.மீ. என்று இருக்கிறது. அக்குளில் ஒரு நெறிக்கட்டி கொஞ்சம் தடித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை, அதனால் சொல்கிறேன். வேறு காரணத்தாலும் நெறிக்கட்டி தடிக்கும், இந்த நோய் அங்கே எட்டியும் தடிக்கும். வியாழக்கிழமை அதிலும் ஊசி வைத்து எடுக்கிறார்கள். அதன் முடிவையும், வேண்டுமென்றால் மற்ற ஸ்கேன்களையும் சேர்த்துத்தான் ஸ்டேஜ் சொல்வார்கள். அதுவரை யாராவது உன்னிடம் ஸ்டேஜ் சொன்னால் அவர் ஜோசியம் சொல்கிறார்.

நேற்று ராத்திரி ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு நான் பார்ப்பதற்குள் அழித்திருக்கிறாய். என்ன கேட்டிருப்பாய் என்று தெரியும். அதற்கு என்னிடம் எண் இல்லை கதிர். இந்த வகை நோய் வந்து, சிகிச்சை முடிந்து, வருடக்கணக்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்கள் நிறைய. சிகிச்சை எடுத்தும் திரும்ப வந்தவர்களும் இருக்கிறார்கள். சாந்தி எந்தப் பக்கம் என்று இன்றைக்குச் சொல்கிறவரை நம்பாதே, நல்லதாகச் சொன்னாலும் சரி, கெட்டதாகச் சொன்னாலும் சரி. வியாழக்கிழமை ரிசல்ட்டும் ஃபிஷ்ஷும் வந்த பிறகு புற்றுநோய் டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், ஆனால் சாந்திக்குத் தெரிய விருப்பமா என்று முதலில் அவளிடம் கேள்.

ஊசி குத்தியதால்தான் பரவும் என்று ஊரில் பேசுவதாகச் சொன்னாய். ஊசி போன வழியில் ஒன்றிரண்டு செல் இடம் மாறுவது உண்டு, அதனால் நோய் முற்றுகிறது என்று பார்த்ததில்லை. பயாப்ஸி இல்லாமல் சிகிச்சையே தொடங்க முடியாது. டெஸ்ட் முடிவுக்காக ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான், அதில் ஒன்றும் கைமீறிப் போகாது. மூன்று மாதம் நாட்டு மருந்து பார்த்துவிட்டு வருவோம் என்று சித்தப்பா சொல்கிறாரே, அது காத்திருப்பதில் சேராது. அதற்குத் தலையாட்டாதே. சென்னையில் ஒருவரிடம் காட்டலாம் என்று உனக்குத் தோன்றினால் காட்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் லேபில் எழுதிக் கேட்டால் தருவார்கள். ஆனால் ஃபிஷ்ஷுக்குச் சீவல் எடுத்த பிறகு வாங்கு, இல்லாவிட்டால் அது நின்றுவிடும்.

உன் மகளுக்கு வருமா என்று கேட்டாய். இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்காவது மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் என்று அத்தையிடம் கேட்டு எழுதி வை. ஜீன் டெஸ்ட் தேவையா என்பதை டாக்டர் அதைப் பார்த்துச் சொல்வார்.

இன்னும் ஒன்று. அக்காவிடம் வெறும் நீர்க்கட்டி என்று சொல்லிவிடலாமா என்று கேட்டாயே. லேபில் கவரை வாங்கி, ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்து, நம் எல்லோருக்கும் முன்னால் படித்தவள் அவள்தான். கார்சினோமா என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், பத்தாவதுக்கு சயின்ஸ் எடுக்கிறவள். அவள் முன்னால் நடிக்கப் பார்த்தால் கடைசியில் அவள்தான் உனக்காக நடிக்க வேண்டியிருக்கும்.

புதன் ராத்திரி ஓசூரிலிருந்து கிளம்பிவிடு. வீட்டுக்குப் போனதும் பீரோ மேல் இருக்கும் வெள்ளைக் கவரை எடுத்து வை, மேமோகிராம் ஃபிலிமும் சிடியும் அதில்தான் இருக்கின்றன. சுகர் மாத்திரைச் சீட்டையும், குடும்ப அட்டையையும், காப்பீட்டுத் திட்ட அட்டையையும் சேர்த்து வை. வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். உள்ளே டாக்டரிடம் சாந்தி பேசட்டும், நீ குறித்துக்கொள். இடையில் கேட்க ஏதாவது இருந்தால் ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடு, பகலில் மைக்ரோஸ்கோப் பக்கம் போன் வைத்துக்கொள்ள மாட்டேன்.

மீனாட்சி அக்கா