காசு வராத மாதம் எது?

(உப்புவெளி ஹோட்டலில் இன்று மாலை நடக்கும் தொழில்முனைவோர் சந்திப்புக்கு. அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதி வைத்தது. பெயர் சட்டையில் குத்தும் அட்டையிலேயே இருக்கும், அதனால் வாயால் சொல்லத் தேவையில்லை.)

சொல்ல வேண்டிய ஒரே வரி:

"ஆறு மாதம் மட்டும் உழைக்கிற கெஸ்ட் ஹவுஸ்களுக்கு, பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுக்க வழி பார்த்துக் கொடுக்கிற கணக்குக்காரி நான், உங்கள் தொழிலில் காசு வராத மாதம் எது?"

இந்த வரியைச் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். போன தடவை "கணக்காளர்" என்று மட்டும் சொன்னேன். மூன்று பேர் தலையாட்டிவிட்டு ரோல்ஸ் எடுக்கப் போனார்கள்.

"அது எப்படி, ஆறு மாதத்தில் பன்னிரண்டு மாதம்?" என்று யாராவது கேட்டால்:

"நிலாவெளிப் பக்கம் எட்டு அறை உள்ள ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வேலை, ஆளுக்கு 50,000 ரூபாய் சம்பளம். அது 2,50,000. அதோடு முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், ஆக இன்னும் 37,500. கரண்ட், தண்ணீர், கூரை ஒழுகினால் திருத்த என்று 62,500 சேர்த்தால் மாதம் மூன்றரை இலட்சம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆட்கள் வருவார்கள். மார்ச்சும் ஒக்டோபரும் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். நவம்பரில் வாடை தொடங்கினால் கடலும் கலங்கும், அறையும் காலி. நாலு மாதத்துக்குப் பதினாலு இலட்சம் எங்கிருந்து வரும்?"

இங்கே நிறுத்துவது. கேட்பவர் தானே ஒரு பதில் சொல்வார். பெரும்பாலும் "லோன் எடுப்பார்கள்" என்றுதான் வரும். அப்புறம்:

"பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் சொல்வது, சீசனில் மாதம் 168 அறை-இரவு விற்றால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,400 ரூபாய் உங்களுடையது இல்லை, மாரிகாலத்துடையது. அதை வேறு கணக்கில் அன்றன்றே போட்டுவிட வேண்டும். ஓகஸ்டில் கையில் காசு நிறைய இருக்கும்போது புது ஏசி வாங்கத் தோன்றும் பாருங்கள், அந்த நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு."

168 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர் நல்ல ஆள். எட்டு அறை, முப்பது நாள், பத்தில் ஏழு பங்கு நிரம்பினால் அது. இப்படிக் கேட்பவரிடம் உட்கார்ந்து பேசலாம்.

திமிங்கிலம் காட்டப் படகு விடும் அண்ணன் வந்தால் நான் பேசவே தேவையில்லை. காசு வராத மாதம் எது என்று கேட்டதும் அவர் தொடங்கிவிடுவார். அவரிடம் கேட்க: "படகு கரையில் ஏறி நிற்கிற மாதங்களில் உங்கள் பொடியன்கள் எங்கே போகிறார்கள் அண்ணா? அடுத்த சீசனுக்குத் திரும்பி வருகிறார்களா?" இதற்குப் பதில் எனக்கும் தெரியாது, உண்மையாகவே தெரிய வேண்டும். ஆளை இழப்பதற்கும் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதற்கும் எது மலிவு என்ற கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை.

வங்கி ஆட்களிடம் பாதி வரியை மாற்ற வேண்டும்: "...உங்களிடம் வாங்குகிற கடனுக்குத் தவணை ஏன் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு, ஐயா?" சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். சண்டைக்குப் போவதில்லை.

கிண்ணியாவில் எருமைத் தயிர் செய்கிற அக்கா வருவார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் காசு வராத மாதம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் நல்லது: "மாரியில் என்னுடைய ஆட்கள் உங்களிடம் வேலை கேட்டு வந்தால் இடம் இருக்குமா அக்கா?"

"வரி கட்டாமல் இருக்க ஏதாவது வழி?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். "அது நான் இல்லை அண்ணா, நான் சம்பளத்தோடு சரி." சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

விசிட்டிங் கார்டை முதலில் நீட்டப் போவதில்லை. பேச்சு நன்றாகப் போனால் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டுவேன்: "உங்கள் அறை எத்தனை, ஆட்கள் எத்தனை, சொல்லுங்கள்." வந்த தொகையை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். என் நம்பர் தானே போய்ச் சேரும்.