பொருள்: நேற்றைய இறுதிச் சுற்று நேர்காணல் – நன்றி

வணக்கம் மேடம்,

நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. திங்கட்கிழமைகளில் புகார்கள் குவிவதைப் பற்றி நீங்கள் கேட்டது அப்புறமும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு, பில் போலத் திரும்பத் திரும்ப வருபவற்றை ஞாயிறு மாலையே தனியாகப் பிரித்து வைத்தால், காலை ஷிஃப்ட் நேராகச் சிக்கலானவற்றில் இறங்கலாம். உங்கள் டிக்கெட் விவரங்களைப் பார்க்காமல் சொல்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு வேறு காரணம் தெரிந்திருக்கலாம்.

புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரமே வாடிக்கையாளர் அழைப்புகளைக் கேட்க வைக்கிறீர்கள் என்றது எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் குழுத் தலைவர் பொறுப்பில் என் ஆர்வம் நேற்றைய பேச்சுக்குப் பிறகு கூடித்தான் இருக்கிறது.

மாத இறுதியில் முடிவு தெரியும் என்றீர்கள், சரி. அதற்குள் வேறு விவரம் ஏதாவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
நித்யா