செவ்வாய் மதியம் ஒன்றரை

வெள்ளிக்கிழமை மாலை, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. முதுகலைப் பட்டம்: பெயர் ஒத்துப்போகவில்லை, நிலுவை. செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அவனுக்கு ஜாயினிங்.

பள்ளியிலிருந்தே அவன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்துதான், ஆதாரிலும் அப்படியே. பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து, சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. இங்கிலாந்தில் வாங்கிய எம்.எஸ்சி. சான்றிதழிலும் அதுவே அச்சானது. கம்பெனிப் படிவத்திலோ ஆதாரில் உள்ளபடி பெயர் கேட்டிருந்தார்கள்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினான். உடனே தானியங்கி பதில். ஆகஸ்ட் கடைசித் திங்கள் அங்கே பேங்க் ஹாலிடே, அலுவலகம் செவ்வாய் காலை ஒன்பதுக்குத் திறக்கும். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அப்படியென்றால் இங்கே மதியம் ஒன்றரை.

சனிக்கிழமை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அஃபிடவிட் போட நோட்டரியிடம் போனார்கள். டைப் செய்த தாளை அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"என் பேரு இடையில வந்ததாலதானே இவ்வளவு அலைச்சல்?"

"இல்லப்பா. அங்க என்னை யாருமே என் பேரைச் சொல்லிக் கூப்பிடல. பேங்க்ல, கிளினிக்ல, எல்லா இடத்துலயும் மிஸ்டர்னு உங்க பேரைத்தான் சொன்னாங்க."

"கிளினிக்லயுமா?"

"அங்க சத்தமாவே கூப்பிடுவாங்க."

அப்பா தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை அதை அவனிடம் கொடுக்கவில்லை.

ஞாயிறும் திங்களும் மெயிலைத் திறப்பதும் ஸ்பேமைப் பார்ப்பதுமாகப் போயின.

செவ்வாய் காலை எச்.ஆர். மேடம் அஃபிடவிட்டை வாங்கிப் படித்தார். "இது போதாது தம்பி. யுனிவர்சிட்டியோ ஏஜென்சியோ உறுதி பண்ணணும். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஃபைலைத் திறந்து வைக்கிறேன். வரலேன்னா அடுத்த பேட்ச்தான்."

மற்றவர்கள் லேப்டாப் வாங்கப் போனார்கள். அவன் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தான். மணி ஒன்றரை ஆனது. ஒன்றேமுக்கால். யாரோ ஒருவர் அங்கே நாற்காலியை இழுத்துப்போட்டு, மூன்று நாள் மெயில்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருப்பார். அந்த வரிசையில் தன்னுடையது எங்கே இருக்கும்?

இரண்டரைக்கு வந்தது. பட்டம், பாடம், முடித்த ஆண்டு எல்லாம் சரி; இரண்டு பெயரும் இந்த மாணவருடையவையே. ஏஜென்சிக்கும் நகல் போயிருந்தது. எச்.ஆர். மேடத்துக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு அப்பாவுக்கு போன் போட்டான்.

"வந்துடுச்சுப்பா."

"என் பேரைச் சரியா எழுதியிருக்காங்களா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லப்பா."

"சரி, படி. கேக்குறேன்."

மேடம் உள்ளிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். ஒரு நிமிடம் என்று சைகை காட்டிவிட்டு, அவன் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.