செக் திரும்பிய நோட்டீஸ், தமிழில்

அன்புள்ள அண்ணாச்சி,

நேற்று சாயங்காலம் கல்லாவுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்த பேங்க் தாளை எடுத்துக் காட்டினீர்கள். "590 ரூபா ஃபைன் போட்டான், எடுத்தும் போட்டான், இனி என்ன?" என்று கேட்டீர்கள். விஷயம் அதோடு முடியவில்லை. தாளில் இருப்பதை முழுவதும் தமிழில் எழுதியிருக்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை வைக்கவில்லை, ஆனால் எதையும் விடவும் இல்லை.

தக்கலை கிளை
13-06-2025

பொருள்: உங்கள் செக் பணமாகாமல் திரும்பியது

ஐயா,

எங்கள் கிளையிலுள்ள உங்கள் கடைக் கணக்கில் நீங்கள் எழுதிக் கொடுத்த 000417 எண்ணுள்ள செக், 12-06-2025 அன்று கிளியரிங்கில் எங்களிடம் வந்தது. செக் தேதி 10-06-2025, தொகை ரூ.48,500. அன்று உங்கள் கணக்கில் இருந்தது ரூ.41,260. எனவே 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, பணம் கொடுக்காமல் செக்கைத் திருப்பி அனுப்பியுள்ளோம்.

செக் திரும்பியதற்கான கட்டணம் ரூ.500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.90, ஆக மொத்தம் ரூ.590 உங்கள் கணக்கில் பற்று எழுதப்பட்டது.

இனி செக் கொடுக்கும்போது கணக்கில் அதற்கான பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும். செக்குகள் தொடர்ந்து திரும்பினால் புதிய செக் புத்தகம் தருவதை நிறுத்த நேரிடும். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138-இன் கீழ் செக்கைப் பெற்றவர் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

கிளை மேலாளர்

நோட்டீஸ் இவ்வளவுதான். இனி நான் சொல்வது.

ஆங்கிலத்தில் 'டிஸ்ஆனர்' என்று இருக்கிறதே, உங்களை யாரும் அவமரியாதை செய்யவில்லை. பேங்க் பாஷையில் செக்குக்குப் பணம் கொடுக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். குறைவாக இருந்தது 7,240 ரூபாய்தானே, இருந்த 41,260-ஐயாவது கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பேங்க் அப்படிப் பாதி கொடுக்காது. முழுத்தொகை இல்லை என்றால் செக் அப்படியே திரும்பிவிடும்.

590 ரூபாய் பேங்க் தனக்கு எடுத்துக்கொண்ட கட்டணம். அதில் ஒரு பைசா கூட, நீங்கள் செக் கொடுத்த கோட்டாறு மொத்தக்கடைக்காரருக்குப் போகவில்லை. நோட்டுப் புத்தகத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய 48,500 அப்படியே நிற்கிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்: கட்டணம் கழிந்ததும் கடனும் கழிந்துவிட்டது என்று நினைத்து நம் பக்கத்தில் எத்தனையோ பேர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

138-ஆம் பிரிவு சொல்வது இது. செக் திரும்பிய தகவல் மொத்தக்கடைக்காரருக்கு அவருடைய பேங்கிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பணம் கேட்டு அவர் உங்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வக்கீல் மூலம் தபாலில் வரும். அது உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு அவகாசம். அதற்குள் முழுப்பணமும் கொடுத்துவிட்டால் இந்தப் பிரிவில் வழக்கு இல்லை. கொடுக்காவிட்டால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டில் வழக்குப் போடலாம். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. உங்கள் செக்குக்கு அது 97,000 ரூபாய் வரை போகும். உண்மையான அபராதம் இதுதான் அண்ணாச்சி, பேங்க் எடுத்த 590 இல்லை.

தபால்காரர் அந்த நோட்டீஸைக் கொண்டுவந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்றே அவருக்குப் போன் பண்ணி, "மொதலாளி, பள்ளிக்கூடம் திறந்த நேரம், வரவேண்டிய காசு பிந்திப்போச்சு, இரண்டு நாளில் தந்துடுறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் இப்போது 40,670 இருக்கிறது. இன்னும் 7,830 போட்டால் 48,500 ஆகும். கணக்கில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய தொகையையும் அதற்கு மேல் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் தனியாகக் கட்டணம் பிடிப்பார்கள்.

பணத்தை நெஃப்டில் அவர் கணக்குக்கே அனுப்புங்கள், ரொக்கமாக வேண்டாம். குறிப்பில் செக் எண்ணைப் போடச் சொல்லுங்கள். அவருடைய பேங்கும் அவரிடம் கட்டணம் பிடித்திருக்கும். அதையும் கேட்டுக் கொடுத்தால் நம் மேல் அவருக்கு வருத்தம் தங்காது. அப்புறம் மறக்காமல் 000417 செக்கின் அசலைத் திரும்ப வாங்கி, பணம் வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தேதி போட்டு மூன்று மாதம் வரை செக் செல்லும். அவர் கையில் கிடந்தால் தவறியாவது மறுபடி பேங்கில் போட வாய்ப்பு இருக்கிறது.

இந்தத் தாளையும் பேங்க் நோட்டீஸையும் சேர்த்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வையுங்கள். திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கடைக்கு வருகிறேன், பேங்குக்குச் சேர்ந்தே போகலாம்.