தரம் 10 சைவநெறி, இரண்டாந் தவணை வினாத்தாளுக்கான புளூபிரின்ட்

டீச்சர்மார், சேர், வணக்கம். கேள்வி எழுதத் துவங்க முதல் இதை ஒருக்கா முழுசா வாசிச்சுப் பாருங்கோ. போன தவணை பேப்பரை நான்தான் தனிய இருந்து செய்தனான். திருத்தி முடிஞ்சாப் பிறகு மார்க்ஸை எண்ணிப் பார்த்தா நூறில 71 வெறும் ஞாபகக் கேள்விக்குப் போயிருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயில் கூட்டித் தண்ணி தெளிக்கிற பிள்ளை ஒண்டு என்ர வகுப்பில இருக்கு, பலிபீடம் எங்க, கொடிமரம் எங்க, ஏன் அதுக்கு அங்கால நிண்டு விழுந்து கும்பிடுறது எண்டு கேட்டா வாயால வடிவாச் சொல்லும், அதுக்கு 38 மார்க்ஸ். பிழை பிள்ளையில இல்ல, நான் செய்த பேப்பரில. அதுதான் இந்த முறை கேள்விக்கு முதல் அட்டவணை.

பேப்பர் அமைப்பு இதுதான். பகுதி 1 ஒரு மணித்தியாலம், பல்தேர்வு 40, ஒண்டுக்கு ஒரு மார்க். பகுதி 2 ரெண்டு மணித்தியாலம், முதலாம் கேள்வியில சின்னக் கேள்வி பத்து, ஒண்டுக்கு ரெண்டு மார்க் படி 20, பிறகு பெரிய கேள்வி நாலு, ஒண்டுக்கு 10 படி 40.

அலகுக்கு எத்தினை மார்க்ஸ் எண்டதை நாங்க படிப்பிச்ச பாடவேளையை வச்சுத்தான் பிரிச்சனான். இந்தத் தவணை 24 பாடவேளை, அதில திருமுறைக்கு 5, நாயன்மாருக்கு 4, ஆலயத்துக்கு 5, விரதத்துக்கு 3, சித்தாந்தத்துக்கு 5, ஈழத்துத் தலங்களுக்கு 2. கணக்குப்படி சித்தாந்தத்துக்கு 21தான் வரும், பிள்ளையள் கூடக் கஷ்டப்படுற பாடம், யோசிக்க வைக்கவும் இடம் இருக்கு எண்டு 22 ஆக்கினேன். ஈழத்துத் தலங்களுக்கு 8க்குப் பதிலா 10, கோணேசர் மலையடியில இருந்துகொண்டு அதைக் குறைக்க மனம் வரேல்ல. அந்த மூண்டு மார்க்கும் திருமுறை, நாயன்மார், ஆலயம் மூண்டிலயும் ஒவ்வொண்டாக் கழிஞ்சது.

| அலகு | ஞாபகம் | விளக்கம் | பிரயோகம் | உயர் சிந்தனை | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| திருமுறைகள் | 8 | 6 | 4 | 2 | 20 |
| நாயன்மார் | 5 | 4 | 3 | 4 | 16 |
| ஆலய அமைப்பும் வழிபாடும் | 6 | 6 | 6 | 2 | 20 |
| விரதம், விழா | 5 | 4 | 2 | 1 | 12 |
| சைவசித்தாந்தம் | 6 | 8 | 3 | 5 | 22 |
| ஈழத்துத் தலங்கள் | 5 | 2 | 2 | 1 | 10 |
| மொத்தம் | 35 | 30 | 20 | 15 | 100 |

இனி எந்தப் பகுதியில எத்தினை:

| அலகு | பல்தேர்வு | சின்னக் கேள்வி | பெரிய கேள்வி |
|---|---|---|---|
| திருமுறைகள் | 8 | 1 | 2ஆம் கேள்வி |
| நாயன்மார் | 4 | 1 | 5ஆம் கேள்வி |
| ஆலயம் | 6 | 2 | 3ஆம் கேள்வி |
| விரதம், விழா | 8 | 2 | இல்ல |
| சித்தாந்தம் | 8 | 2 | 4ஆம் கேள்வி |
| ஈழத்துத் தலங்கள் | 6 | 2 | இல்ல |

ப்ளூமின்ர ஆறு படியையும் அப்பிடியே வைக்காம நாலாக்கினதுக்குக் காரணம், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் மூண்டையும் வேற வேறயாப் பிரிச்சா ஒவ்வொரு கட்டத்திலயும் அரை மார்க்தான் விழும், பிறகு ஆரும் அட்டவணையைத் திரும்பிப் பாக்க மாட்டினம். பல்தேர்வில 27 ஞாபகம், 5 விளக்கம், 6 பிரயோகம், 2 உயர் சிந்தனை. உயர் சிந்தனையில மிச்ச 13 மார்க்கும் பெரிய கேள்வியள்ள.

தயவுசெய்து இதைக் கவனியுங்கோ: 'விளக்குக', 'ஆராய்க' எண்டு போட்டா மட்டும் கேள்வி மேல் படிக்குப் போகாது. 'முப்பொருளை விளக்குக' எண்டு கேட்டா பதி, பசு, பாசம் எண்டு நாங்க கொப்பியில எழுதிக் குடுத்ததை அப்பிடியே திருப்பி எழுதும், அது ஞாபகம்தான், அட்டவணையில ஞாபகத்துக்குக் கீழதான் போடோணும். பிள்ளை அந்த விடையை முதல் கண்டிருக்கோ இல்லையோ எண்டதைப் பாத்துத்தான் படியைத் தீர்மானிக்கோணும்.

நாலாம் கேள்வியின்ர கடைசிப் பகுதியை நான் எழுதிட்டன்: "ஆணவமலம் உயிரைப் பற்றியிருப்பதற்கு நெல்லும் உமியும், செம்பும் களிம்பும் என்னும் இரு உவமைகள் கூறப்படும். இவற்றுள் எது உமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது? காரணம் தருக." 5 மார்க்ஸ். எந்தப் பக்கம் நிண்டாலும் சரி, தெரிவுக்கு 1, காரணம் ரெண்டுக்கு ரெண்டு ரெண்டு. ஆணவம் இடையில வந்து ஒட்டினது இல்ல, அநாதியாவே கூட இருக்கிறது எண்ட கருத்து காரணத்தில வந்தா முழு மார்க் குடுங்கோ. உவமையைச் சொல்லிப்போட்டு காரணம் சொல்லாம விட்டா 1தான்.

பிரயோகத்துக்கு ஒரு மாதிரி, ஆலய அலகுச் சின்னக் கேள்வி: "மேற்கு நோக்கிய சந்நிதியுள்ள ஆலயத்தில் கொடிமரத்தருகே விழுந்து வணங்கும்போது தலை எத்திசையில் இருக்க வேண்டும்? ஏன்?" கிழக்கு, மேற்குப் பாத்த சந்நிதிக்கு வடக்கே தலை, வடக்கு, தெற்குப் பாத்ததுக்குக் கிழக்கே தலை எண்ட விதி பிள்ளைக்குத் தெரியும். வகுப்பில உதாரணம் காட்டினது கிழக்குப் பாத்த கோயிலுக்கு மட்டும், அப்ப இது புதுசு. திசைக்கு 1, விதியைச் சொன்னா 1.

விரதத்துக்கும் அப்பிடித்தான். கந்தசஷ்டி எந்த மாதம் எண்டு கேக்காம, ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் துவங்கி ஆறு நாள் விரதம் இருக்கிற வீட்டைச் சொல்லி, அது என்ன விரதம் எண்டு கேளுங்கோ. பிழையான தெரிவுகளுக்கு சிவராத்திரி, பிரதோஷம், திருவெம்பாவை காணும், கண்டபடி வேற பேர் போட வேண்டாம்.

தெரிவு விசயம். ஆறு குடுத்து நாலு எழுதச் சொல்லுறதுதான் எங்கட வழமை, ஆனா அப்பிடி விட்டா முக்கால்வாசிப் பேர் சித்தாந்தத்தைத் தாண்டிப் போயிருவினம், மேல இருக்கிற அட்டவணைக்கு ஒரு அர்த்தமும் இல்லாமப் போகும். அதால ஒவ்வொரு பெரிய கேள்விக்குள்ளயும் 'அல்லது' போட்டு அதே அலகில இருந்து ரெண்டு குடுப்பம், பகுதி பகுதியா மார்க்ஸும் படியும் ஒண்டா இருக்கோணும். 5ஆம் கேள்விக்கு ஒரு பக்கம் கண்ணப்பரும் சிவகோசரியாரும், மற்றப் பக்கம் விதைச்ச நெல்லைப் பொறுக்கி அடியாருக்குச் சமைச்சுப் போட்ட இளையான்குடிமாறர். ரெண்டிலயும் கடைசி 4 மார்க், செய்தது சரியோ எண்டு பிள்ளை தன்ர கருத்தைச் சொல்லுறதுக்கு.

தலங்கள் அலகில நிரைகழல் பதிகத்தைப் பாடினது ஆர் எண்டு பல்தேர்வில ஒண்டு இருக்கட்டும், சம்பந்தர் எண்டு எல்லாருக்கும் தெரியும், பயத்தோட வாற பிள்ளைக்கு முதல் கேள்வியா வரட்டும். தேவாரம் பெற்ற ஈழத்துத் தலம் ரெண்டு, கேதீச்சரமும் கோணமாமலையும், அது இன்னொண்டு. பிரயோகச் சின்னக் கேள்விக்கு, கோட்டை வாசலால ஏறிக் கோணேசரிட்டப் போற வெளியூர்ப் பிள்ளைக்கு அந்தத் தலத்தின்ர சிறப்பு ரெண்டு சொல்லச் சொல்லுவம்.

10ஏ டீச்சர் திருமுறையும் தலங்களும், 10பி சேர் ஆலயமும் விரதமும், நான் நாயன்மாரும் சித்தாந்தமும். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலயும் அலகையும் படியையும் பென்சிலால எழுதுங்கோ, வாற வெள்ளி இடைவேளைக்கு நூலகத்தில சேர்ந்து இருந்து அட்டவணையோட ஒண்டொண்டாக் கூட்டிப் பாப்பம், ஒரு கட்டத்தில கூடினா அந்தக் கேள்வியைத்தான் மாத்துறது, அட்டவணையை இல்ல.