பழைய கார் ஓட்டிப் பார்க்கப் போகும்போது

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணே" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். நம்ம வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓடிய வண்டியும் சுடும், நின்ற வண்டியும் சுடும். காலையிலேயே சூடாக இருந்தால், ஆறின இன்ஜினின் சத்தத்தை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம்.

ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் பின்னால் நிற்கட்டும். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றால் பயமில்லை, வெறும் நீராவி. சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் மச்சான் வாங்கிய வண்டியில் ஒரே மல்லிகை வாசனை. இரண்டு வாரத்தில் அது போய் ஈரச்சாக்கு நாற்றம் எட்டிப்பார்த்தது. சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை அங்கேதான் தங்கும்.

அப்புறம் பாட்டு, ஏசி இரண்டையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். நான் சத்துவாச்சாரியில் பார்க்கும் வண்டியைக் காட்பாடி மேம்பாலம் வரை கொண்டுபோவேன். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க இன்ஜின் மட்டும் கத்தி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கருகல் வாசனையும் கூட வரும். பெடல் ஏறக்குறைய முழுசாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறதா? பிளேட் தேய்ந்திருக்கலாம். இன்னும் சந்தேகமா? சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட்டுக்கான பணத்தை விலையில் கழியுங்கள். இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், வண்டி இன்னும் அவருடையது.

பிரேக் விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம். நெடுஞ்சாலையில் பின்னால் யாரும் இல்லாதபோது வேகத்தைக் குறையுங்கள்: காலில் அதிர்வு தட்டினால் டிஸ்க் கோணலாகியிருக்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கோ டயரோ சரியில்லை.

வேகம் கூடக்கூட 'ஊம்ம்' என்ற முனகலும் கூடினால் வீல் பேரிங். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துச் சுற்றும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தடையில் 'தொம்' என்றால் சஸ்பென்ஷன். அது பெரும்பாலும் சின்னச் செலவுதான்.

திரும்பி வந்ததும் ஏசி போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் குனிந்து பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டலாம். சொட்டியதை விரலில் தொட்டு வழவழப்பாக இருந்தால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு மெக்கானிக்குக்கு போன் போடுங்கள்.