58 விழுக்காடு என்றால் எத்தனை பேர்? முடிவுப் பத்தி, திருத்தி எழுதியது

நம் நடைக்குழுத் தாளில் போன மாதம் நான் எழுதிய பத்தி பலரைத் தவறான கணக்குக்குக் கொண்டுபோய்விட்டது. ஈசூனில் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அக்கா கேட்டார்: "அப்போ நடந்தா நூறு பேர்ல 58 பேருக்கு இனிப்பு நீர் வராதா தம்பி?" அப்படி இல்லை. ஆனால் அந்தப் பத்தியைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். பழையது இது:

"செறிவான வாழ்க்கைமுறைத் தலையீட்டுக் குழுவில் நீரிழிவு நேர்வு வீதம் போலி மருந்துக் குழுவைவிட 58% குறைவு (95% நம்பக இடைவெளி 48–66). மெட்ஃபார்மின் குழுவில் 31% குறைவு (17–43). 100 ஆள்-ஆண்டுக்கு நேர்வுகள் முறையே 4.8, 7.8, போலி மருந்துக் குழுவில் 11.0. சென்னை ஆய்வில் வாழ்க்கைமுறைக் குழுவின் ஒப்பீட்டு இடர்க் குறைவு 28.5% (20.5–37.3)."

அதற்குப் பதிலாக இதைப் படியுங்கள்:

ரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியிருந்தும் நீரிழிவு இன்னும் வராத 3,234 பேரை அமெரிக்காவில் சராசரியாக 2.8 ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள். ஒன்றுக்கு மருந்தே இல்லாத மாத்திரை, இன்னொன்றுக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை. மூன்றாவது குழு உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பதுபோல் உடற்பயிற்சி செய்ய வேண்டும்.

மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட்டால், மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 29 பேருக்கு நீரிழிவு வந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 22. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 14. ஆக, 100 பேர் முயன்றதில் சுமார் 15 பேர் தப்பினார்கள். முயன்றும் 14 பேருக்கு வந்தது. மீதி 71 பேருக்கு எதையும் மாற்றாமல் இருந்திருந்தாலும் அந்த மூன்று ஆண்டில் வந்திருக்காது. தப்பிய 15 பேரில் நீங்கள் ஒருவரா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சரி, 58 எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு 100-க்கு 11 பேர் என்று இருந்தது சுமார் 5 ஆகக் குறைந்தது. அந்த 11-இல்தான் 58 விழுக்காடு போனது, 100-இல் அல்ல.

அந்த 58-உம் கல்லில் வெட்டிய எண் இல்லை. ஆய்வில் சேர்ந்தவர்கள் வேறு சிலராக இருந்திருந்தால் எண்ணும் சற்று மாறியிருக்கும். அதனால்தான் 48 முதல் 66 வரை என்று ஓர் எல்லை தருகிறார்கள். இதே மாதிரி ஆய்வைப் பலமுறை செய்து ஒவ்வொரு முறையும் இப்படி எல்லை போட்டால், 100-க்கு சுமார் 95 முறை உண்மையான எண் அதற்குள் அடங்கும். குறைந்தபட்ச 48-ஐ எடுத்துக்கொண்டாலும் பலன் பெரியதுதான். மெட்ஃபார்மினுக்கு எல்லை 17 முதல் 43 வரை. பலன் உண்டு, ஆனால் இந்த ஆய்வில் நடையும் உணவும் அதை முந்தின.

நமக்கு நெருக்கமானது 2006-இல் வெளிவந்த சென்னை ஆய்வு. 531 பேர். அங்கே பலன் 28.5 விழுக்காடு மட்டுமே. பார்த்தவுடன் "பாதிதானா?" என்று மனம் சோர்ந்துவிடும். ஆட்களை எண்ணிப் பாருங்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது; வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39. தப்பியவர்கள் 16 பேர், அமெரிக்காவில் 15 பேர். விழுக்காடு பாதியாக இருந்தும் ஆள்கணக்கு ஏன் ஒன்றுபோல் வருகிறது? சென்னையில் ஆபத்தே ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு இடத்திலும் ஏழு பேர் முயன்றால் ஏறக்குறைய ஒருவருக்கு வராமல் போகிறது.

இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். இரண்டு ஆய்வும் சிங்கப்பூரில் நடக்கவில்லை. அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி உடல் எடைக் குறியீடு 34, நம்மில் பலரைவிட அதிகம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 16 பாடங்கள் நடந்தன, அப்புறம் மாதாமாதம் தொடர்ந்து சந்திப்பும் இருந்தது. அவ்வளவு துணை இருந்தும் 24 வாரத்தில் எடை இலக்கை எட்டியவர்கள் பாதிப் பேர்தான். நம் குழு வாரம் மூன்று நாள் காலையில் சேர்ந்து நடக்கிறது, அவ்வளவுதான். அதே பலன் நமக்கும் கிடைக்கும் என்று இந்த ஆய்வுகளை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இரண்டிலும் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் நீரிழிவு இல்லை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்; பலதுறை மருந்தகத்தில் உங்கள் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.